காசுமாலையிலிருந்து வந்த வெள்ளி ரூபாயை விற்பனைக்குப் பட்டியலிடுதல்: முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் விற்பனைக்கு வெளிவரும் நாணயங்களில் நான் அதிகம் பார்த்தது பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய். அதிலும் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் காசுமாலையில் கோக்கப்பட்டிருந்தவை. இணையத்தில் அவற்றை விற்க முயலும் புதியவர்கள் முதலில் தரத்தை முடிவு செய்துகொண்டு, பிறகு அதற்கேற்ற படத்தையும் வார்த்தைகளையும் தேடுகிறார்கள். நாணயம் திரும்பி வருவதும் வாங்கியவர் மனம் கசந்துபோவதும் பெரும்பாலும் இதனால்தான்.

வேலையின் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். நாணயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் எழுத வேண்டும், அதன் பிறகு அளவுகள், அதன் பிறகு குறைகள், இவை மூன்றும் தாளில் ஏறிய பின்னரே தரம். எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா கொண்டுவந்த 1901-ஆம் ஆண்டு ரூபாயை எடுத்துக்காட்டாக வைத்து, ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

1. முன்கூட்டியே வைத்திருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு, அதைச் சரிபார்க்க ஓர் எடைக்கல், பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், விட்டம் அளக்க வெர்னியர் காலிப்பர் ஆகியவை தேவை. நகைக் கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அந்தக் கண்ணாடிதான் லூப். காலிப்பர் பிளாஸ்டிக்காக இருந்தால் நாணயத்தில் கீறல் விழாது. நாணயம் கைதவறினாலும் விளிம்பு நசுங்காமல் இருக்க, மேசை மேல் மடித்த பருத்தித் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

நாணயம் வைக்கும் உறையில்தான் பலர் தவறுகிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. பிளாஸ்டிக் உறை, நாளடைவில் பச்சை நிறப் பிசுக்கை நாணயத்தின் மேல் விட்டுவிடும். நடுவில் மைலார் தாள் ஒட்டிய அட்டைச் சட்டங்கள் அதைவிட நல்லவை. மழைக்காலம் முழுவதும் சுவரே வியர்க்கும் ஊர்களில் இருக்கிறோம் என்பதால், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு வையுங்கள்.

2. துடைப்பதை நிறுத்துங்கள்

“தம்பி, பாக்குறதுக்கு நல்லா இருக்கணும்னு புளி போட்டுத் தேய்ச்சு, விபூதியால மெருகேத்திக் கொண்டுவந்திருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே அக்கா மூன்று நாணயங்களை என் முன்னால் வைத்தார். “மீதிக் காசையும் தேய்ச்சிட்டீங்களாக்கா?” என்று கேட்டேன். மற்ற எட்டும் இன்னும் மாலையில் கோத்தபடியே வீட்டில் இருப்பதாகச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியின் மேல் மெல்லிய கருமையைப் படிய வைக்கும். சேகரிப்பவர்கள் அதை அழுக்காகப் பார்ப்பதில்லை, யாரும் கைவைக்காத மேற்பரப்பு என்பதற்கான அடையாளமாகவே பார்க்கிறார்கள். புளி போட்டுத் தேய்த்தால் அந்தப் படலம் போய்விடும். விபூதி, பற்பொடி, செங்கல்தூள் போன்றவை மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான கீறல்களைப் போட்டுவிடும். நாணயத்தை விளக்கின் கீழ்ச் சாய்த்தால் அவை ஒரே திசையில் மின்னும். பத்து வருடம் கழித்துக் கருமை மீண்டும் படிந்தாலும் கீறல்கள் அப்படியே இருக்கும்.

ஆகவே கையில் வந்த நிலையிலேயே வேலையைத் தொடங்குங்கள். ஏற்கெனவே தேய்த்துவிட்டிருந்தால் அதை மறைக்க முயலாமல், “துடைக்கப்பட்டது” என்று எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

3. எங்கிருந்து வந்தது என்பதை எழுதுங்கள்

தாத்தா காலத்து நாணயம் என்று சொல்வது வரலாற்றுச் சான்றாகாது, ஏனென்றால் அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் எந்த நாணயத்துக்கும் சொல்லலாம். யார் வீட்டில், எந்தப் பொருளோடு, யார் வழியாக, எந்த ஆண்டு உங்கள் கைக்கு வந்தது என்று தேதியிட்டு எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிய ஒரு தாள்தான் சான்று. பழைய ரசீதோ நகைக் குறிப்போ பாகப்பிரிவினைப் பட்டியலோ இருந்தால் அதைப் படமெடுத்து இந்தத் தாளோடு சேருங்கள். தெரியாத பகுதியைத் தெரியாது என்றே எழுத வேண்டும். கேட்பதற்கு அழகாக இருக்கிறது என்று இடைவெளியைக் கதையால் நிரப்பினால், அது பிற்பாடு உண்மையான பகுதியின் மேலும் ஐயத்தைக் கொண்டுவந்துவிடும்.

இந்தப் படி அளவெடுப்பதற்கும் முன்னால் வருவதற்குக் காரணம் அந்த எட்டு நாணயங்கள்தான். மாலையைப் பிரித்த பிறகு, அவை ஒன்றாக இருந்தன என்பதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது. எனவே கயிறு, வளையங்கள், கோத்த வரிசை எல்லாம் தெரியும்படி முதலில் முழு மாலையையும் படமெடுத்தோம். அதன் பிறகு அதைப் பிரிக்க வேண்டாம் என்றும் அக்காவிடம் சொன்னேன். வளையத்தோடு இருக்கும் தனி நாணயம் சேதப்பட்ட நாணயம். முழுதாக இருக்கும் மாலையோ ஒரு நகை, அதை வாங்குபவரும் வேறு. தட்டாரிடம் கொடுத்து வளையத்தைக் கழற்றிவிட்டால் இரண்டு மதிப்பும் போய்விடும்.

இங்கே கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. நாணயம் மண்ணுக்குள்ளிருந்து வந்ததா? தேயிலைத் தோட்டத்தில் குழி வெட்டும்போதோ பழைய சுவரை இடிக்கும்போதோ கிடைத்தது என்றால், அதைப் பட்டியலிட உங்களுக்கு உரிமை இல்லை. மண்ணிலோ மண்ணோடு பிணைந்த எதிலுமோ மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட நாணயத்தை எனக்குக் காட்டியவர்களிடம் நான் அதைத் தொடாமலே இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

4. நாணயத்தை அடையாளம் காணுங்கள்

ஆட்சியாளர் பெயர், மதிப்பு, ஆண்டு, அச்சாலைக் குறி ஆகிய நான்கையும் நாணயத்தைப் பார்த்து எழுதுங்கள். அக்காவின் நாணயத்தில் முன்பக்கம் முடிசூடிய விக்டோரியா, அதைச் சுற்றி ‘விக்டோரியா எம்ப்ரஸ்’ என்ற எழுத்து. பின்பக்கம் பூவேலைக்கு நடுவே ‘ஒன் ருப்பீ இந்தியா 1901’. 1877 முதல் எம்ப்ரஸ் என்றும், அதற்கு முந்தைய 1862 வகையில் குயீன் என்றும் இருக்கும் என்பதால், பட்டம் ஆண்டோடு பொருந்துகிறதா என்பதே முதல் சோதனையாகிவிடுகிறது.

பின்பக்கத்தில் அடியிலுள்ள பூவேலையில் லூப்பை வைத்துப் பார்த்தபோது, உள்ளே பதிந்த ‘சி’ என்ற சிறிய ஆங்கில எழுத்து தெரிந்தது. அது கல்கத்தா அச்சாலை. அதே இடத்தில் ‘பி’ இருந்திருந்தால் பம்பாய். பலர் இந்த எழுத்தைத் தேடாமலே “அரிய நாணயம்” என்று தலைப்பிட்டுவிடுகிறார்கள். 1901 ரூபாய் இரண்டு அச்சாலைகளிலும் பெருமளவில் அடிக்கப்பட்ட, எளிதில் கிடைக்கும் நாணயம். அதை அரியது என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் அதற்கு மேல் படிக்காமல் நகர்ந்துவிடுவார்.

1862 என்று ஆண்டு போட்ட ரூபாய் கையில் வந்தால் இன்னும் பொறுமை வேண்டும். அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலே அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அடித்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் ஆண்டுக்கு அருகே உள்ள சிறு புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்தே வகையைப் பிரிப்பார்கள். புள்ளிகளை நீங்கள் எண்ணாவிட்டாலும் அவை தெளிவாகத் தெரியும் படத்தைப் போட்டுவிட்டால், வாங்குபவர் எண்ணிக்கொள்வார்.

ராமர் பட்டாபிஷேகம் பொறித்து 1818, 1717 என்று ஆண்டு போட்ட பித்தளை, செம்பு வில்லைகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி நாணயம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அவை புழக்கத்துக்கு அடிக்கப்பட்ட நாணயங்களே அல்ல. வீட்டில் எத்தனை தலைமுறையாகப் பூசையில் இருந்தாலும் அவற்றை நாணயம் என்ற தலைப்பில் பட்டியலிடக் கூடாது.

5. எடை, விட்டம், அடர்த்தி

வெள்ளி ரூபாயின் நிர்ணய எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளி. விட்டம் 30 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 1940 முதல் அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்துவிட்டது, 1947 ரூபாயோ நிக்கல். எனவே எந்த ரூபாய் என்று தெரியாமல் எடையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. நான்காவது படி இதற்கு முன்னால் வருவது அதனால்தான்.

எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்த பிறகு, நாணயத்தை மூன்று முறை நிறுத்து எழுதுங்கள். அக்காவின் நாணயம் மூன்று முறையும் 11.63 கிராம் காட்டியது. முகத்தில் நல்ல தேய்மானம் இருக்கும்போது எடை இவ்வளவு குறைவாகவா குறைந்திருக்கும் என்று அப்போதே எனக்கு ஒரு நெருடல். இதற்கான விடை அடுத்த படியில் கிடைத்தது. தேய்மானமும் எடையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எழுத்தும் உருவமும் கூர்மையாக இருந்தும் எடை 11.4 என்று குறைந்தால் போலியோ என்று பார்க்க வேண்டும். நன்றாகத் தேய்ந்தும் எடை குறையவில்லை என்றால், வெளியிலிருந்து ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி அடர்த்தி. ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை எடுத்துத் தராசின் மேல் வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியையோ சுவரையோ தொடாமல் நீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது நாணயம் இடம்பெயர்த்த நீரின் எடை. நாணயத்தின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். அக்காவின் நாணயத்துக்குத் தராசு 1.13 காட்டியது, 11.63-ஐ 1.13-ஆல் வகுத்தால் 10.29. இந்தத் தரத்து வெள்ளிக்கு ஏறத்தாழ 10.3 வர வேண்டும். தராசு ஒரு புள்ளி மாறி 1.12 காட்டியிருந்தால் 10.38 வந்திருக்கும், ஆகவே இந்தக் கருவியால் இதைவிடத் துல்லியம் கிடைக்காது. செம்பு–நிக்கல் போலி இதே எடையில் இருந்தால் 1.31 அளவில் காட்டியிருக்கும் என்பதால், அந்த வேறுபாட்டைத் தவறவிட வழியில்லை.

நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் இடம்பெயர்த்த நீர் கூடி, நல்ல வெள்ளியும் போலி போலத் தோன்றும். குமிழி தெரிந்தால் நூலை மெல்ல அசைத்து அதை விடுவித்த பிறகு அளவைப் படியுங்கள். வெளியே எடுத்ததும் தேய்க்காமல், பஞ்சுத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள்.

இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இது உலோகத்தைப் பற்றித்தான் பேசுகிறது, நாணயத்தைப் பற்றி அல்ல. அதே தரத்து வெள்ளியில் நேற்று செய்த போலியும் 10.3 காட்டும்.

6. குறைகளைத் தேடி, எழுதுங்கள்

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். நான் விற்கத் தொடங்கிய காலத்தில் ஒரு விக்டோரியா ரூபாயின் இரண்டு முகங்களையும் மட்டும் பார்த்து, உயர்ந்த தரம் என்று எழுதி அனுப்பினேன். கோயம்புத்தூரில் அதை வாங்கியவர் விளிம்பை மட்டும் நெருக்கத்தில் படமெடுத்துத் திருப்பி அனுப்பினார். அதில் மேல் விளிம்பின் வரிகள் ஒரு நெல்லளவுக்கு அராவப்பட்டு மழுங்கியிருந்தன. அவருக்குப் பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த நாணயத்தையும் விளிம்பிலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறேன்.

நாணயத்தை விரல்களுக்கு நடுவே விளிம்பில் பிடித்து, ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்புங்கள். வரிகள் ஒரே சீராக ஓடுகின்றனவா, எங்காவது நிரம்பியோ மழுங்கியோ இருக்கின்றனவா என்று லூப்பில் பாருங்கள். மாலைக்காசில் இந்தத் தடம் பெரும்பாலும் முகத்தின் நேர் மேலே, கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் கிடைக்கும். அக்காவின் நாணயத்தில் அங்கே ஐந்தாறு வரிகளுக்கு இடையில், சுற்றியுள்ள வெள்ளியைவிடச் சற்று மஞ்சள் கலந்த உலோகம் நிரம்பி நின்றது. தட்டார் வளையத்தைப் பற்றவைத்த பற்றாசு அது. வளையத்தை எடுத்தவர் அராவி மட்டப்படுத்தியிருந்தாலும், வரிகளின் பள்ளத்தில் இருந்ததை எடுக்க முடியவில்லை. எடை ஏன் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்பதற்கு இது விடை.

இன்னும் கவனித்துப் பார்த்தபோது, பற்றாசுக்குக் கீழே முகப்பரப்பிலும் ஒரு பட்டாணி அளவுக்கு நிறம் மாறியிருந்தது. பற்றவைத்தபோது பட்ட சூட்டின் தடம் அது, தேய்த்தும் போகவில்லை.

விளிம்பு முடிந்ததும் இரண்டு முகங்களையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தேய்த்த மயிரிழைக் கீறல்கள், சராப்புக்காரர்கள் வெள்ளியைச் சோதிக்க அடித்த சிறு முத்திரைகள், ஆணியால் போட்ட எழுத்துகள், துளை போட்டு அடைத்த இடம் ஆகியவற்றைத் தேடுங்கள். கிடைத்த ஒவ்வொன்றையும் இடத்தோடு எழுதுங்கள். “சிறு குறைகள் உண்டு, படம் பார்க்கவும்” என்பது குறையைச் சொல்வதாகாது, பொறுப்பை வாங்குபவர் தலையில் வைப்பதுதான்.

7. தரத்தை இப்போது முடிவு செய்யுங்கள்

தரம் என்பது தேய்மானத்தின் அளவு. நாணயம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதோ எவ்வளவு பழையது என்பதோ அதில் சேராது. சேகரிப்பவர்கள் கீழிருந்து மேலாக ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், ஏறத்தாழப் புழங்காதது, புழங்காதது என்று பேசிக்கொள்கிறார்கள். எண்ணாகச் சொல்வதென்றால் 1 முதல் 70 வரை உள்ள அளவுகோல்.

எம்ப்ரஸ் ரூபாயில் முதலில் தேய்வது உருவத்தின் மேடான பகுதிகள்: கன்னம், காதுக்கு மேலுள்ள கூந்தல், மேலாடையில் மார்புப் பக்கத்துப் பூத்தையல். கூந்தல் இழை இழையாகத் தெரிந்து, மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தால் எக்ஸ்ட்ரா ஃபைன் என்று பேசலாம். அக்காவின் நாணயத்தில் கூந்தல் பாதி ஒன்றாகக் கலந்துவிட்டது, கன்னம் தட்டையாக இருக்கிறது, பூத்தையல் ஓரளவு தெரிகிறது, எழுத்துகள் எல்லாம் முழுதாக இருக்கின்றன. இதை வெரி ஃபைன் அளவு விவரம் என்று வைத்தேன்.

அந்த வார்த்தையோடு நிறுத்தியிருந்தால் அது பொய். பற்றவைத்த தடமும் துடைத்த மேற்பரப்பும் உள்ள நாணயத்துக்குத் தரப்படுத்தும் நிறுவனங்களும் எண் கொடுப்பதில்லை. விவரத்தின் அளவை மட்டும் எழுதிப் பக்கத்தில் குறையைக் குறித்துவிடுகின்றன. நாமும் அப்படியே எழுத வேண்டும்: “வெரி ஃபைன் அளவு விவரம், வளையம் நீக்கப்பட்டது, துடைக்கப்பட்டது.” இரண்டு தரங்களுக்கு நடுவில் ஐயம் வந்தால் கீழே உள்ளதை எழுதுவது என் வழக்கம். எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது என்பதற்காக இதுவரை யாரும் என்னிடம் நாணயத்தைத் திருப்பி அனுப்பியதில்லை.

8. படங்கள்

நேர் வெயிலும் ஃபிளாஷும் வெள்ளியில் பளிச்சென்று பட்டுக் குறைகளை மறைத்துவிடும். குன்னூர்ப் பக்கம் காலையில் மூடுபனி படர்ந்திருக்கும் நேரத்தில் ஜன்னலோரம் கிடைக்கும் பரவலான வெளிச்சத்தைவிட நாணயத்துக்கு நல்ல வெளிச்சம் நான் பார்த்ததில்லை. சாம்பல் நிறத் தாளின் மேல் வைத்து, கைப்பேசியை அசையாமல் தாங்கும் ஒரு நிலையில் பொருத்தி எடுங்கள்.

இரு முகங்களுக்கும் நேர்ப் படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் இரு முகங்களும், குறை உள்ள விளிம்பு நெருக்கத்தில், அச்சாலைக் குறி நெருக்கத்தில், தராசில் எடை தெரியும்படி ஒன்று. நான் போடுவது இந்த ஏழு படங்கள். நிறம் மாற்றும் வடிகட்டிகளைப் போடாதீர்கள். இன்னொருவர் நாணயத்தின் படத்தை மாதிரிக்கென்று போடுவதும் ஏமாற்றுதான்.

9. உண்மைத்தன்மைக்கு எதைச் சான்று என்று சொல்லலாம்

வார்ப்பில் செய்த போலியை லூப்பில் பெரும்பாலும் பிடித்துவிடலாம். எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிக்குத்து போன்ற குழிகள் இருக்கும், விளிம்பைச் சுற்றி அச்சு இணைந்த கோடோ அதை அராவிய தடமோ தெரியும். அச்சில் அடித்த நல்ல போலியைப் பிடிக்க இந்தக் கண் போதாது. 1939 ரூபாய் போன்ற அரியவற்றில் ஆண்டின் ஓர் எண்ணை மட்டும் திருத்தியவையும் உலவுகின்றன. அங்கே கடைசி எண்ணைச் சுற்றியுள்ள பரப்பை மற்ற எண்களின் பரப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே, செய்த சோதனையை எழுதுங்கள், முடிவை மிகைப்படுத்தாதீர்கள். “நூறு சதவீதம் அசல்” என்று எழுதுவதைவிட, “எடை 11.63 கிராம், நீர்முறையில் அடர்த்தி 10.29, வார்ப்புத் தடம் இல்லை, வெளிச் சான்றிதழ் இல்லை” என்று எழுதுவது வாங்குபவருக்கு உண்மையிலேயே பயன்படும். சாதாரண 1901 ரூபாய்க்குத் தரப்படுத்தும் கட்டணம் நாணயத்தின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் அங்கே சான்றிதழ் தேவையில்லை. 1939-க்கு அது இல்லாமல் பட்டியலிட நான் துணிய மாட்டேன்.

நாணயங்களைத் தரப்படுத்தும் என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். நிறுவனங்களின் மூடிய பெட்டியில் இருக்கும் நாணயமானாலும், பெட்டியிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பாருங்கள். அங்கே படம் இருந்தால், அதிலுள்ள கீறலும் கறையும் கையிலுள்ள நாணயத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள், உண்மையான எண்ணையே அதில் அச்சிட்டும் விடுகிறார்கள்.

10. விவரத்தை எழுதுதல்

இதுவரை செய்ததெல்லாம் தாளில் இருந்தால் இந்தப் படிக்குக் கால் மணி நேரம் போதும். அக்காவின் நாணயத்துக்கு நாங்கள் எழுதியது இது:

“பிரிட்டிஷ் இந்தியா, விக்டோரியா எம்ப்ரஸ், ஒரு ரூபாய், 1901, கல்கத்தா அச்சாலை. வெள்ளி. எடை 11.63 கிராம். வெரி ஃபைன் அளவு விவரம். குறைகள்: காசுமாலையில் இருந்தது, மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்து நீக்கிய தடமும், அதன் கீழே முகத்தில் சூட்டால் நிறம் மாறிய இடமும் உண்டு (ஐந்தாவது படம்). புளியாலும் சாம்பலாலும் துடைக்கப்பட்டது. சாய்த்தால் மயிரிழைக் கீறல்கள் தெரியும். வந்த வழி: கோத்தகிரியில் ஒரே குடும்பத்தின் மாலை, மாலையின் படமும் உரிமையாளர் கையெழுத்திட்ட குறிப்பும் தரப்படும். அதற்கு முந்தைய விவரம் தெரியாது. வெளிச் சான்றிதழ் இல்லை. விவரத்துக்கு மாறாக இருந்தால் ஏழு நாளுக்குள் திருப்பலாம். இந்தியாவுக்குள் மட்டும் அனுப்பப்படும்.”

குறைகள் வந்த வழிக்கு முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். குடும்பக் கதையை முதலில் படித்துவிட்டால், பின்னால் வரும் குறை கண்ணில் படாமல் போகலாம்.

11. விலை

வெள்ளியின் மதிப்பை அடிமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். முழு எடையுள்ள ரூபாயில் 10.69 கிராம் தூய வெள்ளி இருக்கிறது, அன்றைய கிராம் விலையால் அதைப் பெருக்கினால் அடிமட்டம் தெரியும். அதற்கு மேலே எவ்வளவு என்பதை, இதே ஆண்டு, இதே அச்சாலை, இதே போன்ற குறையுள்ள நாணயம் ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கேட்கப்படும் விலையை யார் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், விற்ற விலைதான் கணக்கு. வளையத் தடமுள்ள, எளிதில் கிடைக்கும் ஆண்டு நாணயம் அடிமட்டத்தை ஒட்டியே நிற்கும் என்பதை உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாகவும் அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் பெயரில் வரும் அழைப்புகளை நம்பி வருபவர்கள் உண்டு. அந்த வங்கி இப்படிப்பட்ட வணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும், இதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும் 2021-இல் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

12. தபால்தலையானால் மாறுபவை

வரிசை அதேதான். குறை இருக்கும் இடம்தான் மாறும். உறையில் ஒட்டியிருக்கும் தலையை வெட்டியோ நனைத்தோ எடுக்காதீர்கள். உதகமண்டலம், வெலிங்டன், குன்னூர் அஞ்சல் முத்திரை தெளிவாக விழுந்த முழு உறையைத் தேடுபவர்கள் தனியாக இருக்கிறார்கள். மலை ஈரத்தில் தாளில் படரும் பழுப்புப் புள்ளிகளையும், பின்பக்கப் பசை ஒட்டிப் பிரிந்த இடத்தையும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் மெலிந்த இடத்தையும், ஓரப் பற்களில் குட்டையானதையும் எழுதுங்கள்.

1948-இல் வந்த காந்தி பத்து ரூபாய் தலை, போலிகள் அதிகம் உலவும் ஒன்று. சுவிட்சர்லாந்தில் கூர்வோசியே அச்சகத்தில் அச்சான அசலில், ஓரத்துளைகள் இரண்டு சென்டிமீட்டருக்குப் பதினொன்றரை என்ற கணக்கில் இருக்கும். அந்த அளவு பொருந்தாவிட்டால் தலை போலி என்று உறுதியாகச் சொல்லலாம், பொருந்தினால் அசல் என்று சொல்ல முடியாது. நிபுணர் சான்றிதழ் பெற்ற பிறகே அதைப் பட்டியலிடுங்கள்.

13. சட்டமும் அனுப்புதலும்

1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டுகளைக் கடந்த நாணயமும் தொல்பொருள்தான். தனியாள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பட்டியலிடும்போதே தளத்தில் வெளிநாட்டு விற்பனையை அடைத்துவிடுங்கள், ஏனென்றால் பணம் வந்த பிறகு மறுப்பது இருவருக்கும் தொல்லை. தொல்பொருள் விற்பதையே தொழிலாகச் செய்வோருக்கு உரிமம் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே ஒன்றிரண்டு வீட்டு நாணயங்களைத் தாண்டிப் போகிறீர்கள் என்றால், தொடங்கும் முன் அதைக் கவனியுங்கள்.

அட்டைச் சட்டத்தில் அடித்த ஸ்டேப்பிள் முனைகளைக் குறடால் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்துச் சட்டத்தின் தாளைக் கிழித்து நாணயத்தில் கீறும். சட்டத்தை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே அசையாமல் ஒட்டி, காப்பீடு செய்து அனுப்புங்கள். உறையை மூடும் முன் நாணயத்தையும் கையெழுத்திட்ட குறிப்பையும் ஒரே படத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால், போனதும் வந்ததும் ஒரே நாணயமா என்று விளிம்பிலுள்ள அந்தப் பற்றாசுத் தடத்தை வைத்தே ஒப்பிட்டுவிடலாம்.

அக்காவின் மூன்று நாணயங்களும் விற்றுவிட்டன, ஒன்றும் திரும்பி வரவில்லை. எட்டுக் காசுள்ள மாலை பிரிக்கப்படாமல் அவர் வீட்டிலேயே இருக்கிறது.